‘வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?’: ஒரு குறுநாடகத்தின் நடுவே வரும் கேள்வி

பல்லடம் பக்கத்து விசைத்தறி ஊர்களின் பள்ளிகளில், 8 முதல் 10 வரையிலான வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதற்காக, 15 நிமிட நாடகம் ஒன்றை எழுதினேன். மேடையில் கவின் என்ற 14 வயதுப் பையனும் அவனுடைய அம்மாவும் மட்டுமே தோன்றுகிறார்கள். மூன்றாவது பாத்திரம் ஒரு குரல். அந்தக் குரலுக்கு உரியவரை நாடகம் முடியும்வரை யாரும் பார்ப்பதில்லை. இணையத்தில் அறிமுகமாகும் ஒருவர் ஒரு சிறுவனை எப்படி நெருங்குகிறார், எந்த இடத்தில் அந்த நெருக்கம் திசை மாறுகிறது என்பதைக் காட்டுவதுதான் நாடகத்தின் வேலை. அருவருப்பான ஒரு சொல்லோ காட்சியோ இல்லாமல் அதைச் செய்ய முடியுமா என்ற கேள்வியோடுதான் எழுத உட்கார்ந்தேன். முடியும் என்பதை எழுதும்போது கண்டுகொண்டேன், ஏனென்றால் எச்சரிக்கை அடையாளங்கள் அனைத்தும் அந்த மோசமான கட்டத்துக்கு முன்பே, சாதாரணப் பேச்சுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

பையனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் பெண்பிள்ளைகளை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். பையன் இரவில் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தால், ‘பையன்தானே, வீட்டுக்குள்ளதானே இருக்கான்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் படத்தை வாங்கிக்கொண்டு பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் பெரிதும் குறிவைப்பது பதின்வயதுப் பையன்களைத்தான். அவர்கள் வெளியே சொல்வதும் அரிது. கவினின் அப்பா லாரி ஓட்டுநர், வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பப் பத்து நாளாகும். அம்மா இரவு ஷிப்டில் நான்கு தறி ஓட்டுகிறார். வீட்டில் காது மந்தமான அப்பத்தா இருக்கிறார். இரவு முழுவதும் அம்மாவின் கைபேசி கவினிடம் இருக்கிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை என்பதை நாடகம் தொடக்கத்திலேயே உணர்த்த வேண்டும். இப்படித்தான் நூற்றுக்கணக்கான வீடுகள் நடக்கின்றன.

முதல் காட்சியில் ஆபத்து எதுவும் தெரியக் கூடாது. குழுவாகச் சேர்ந்து விளையாடும் ஒரு கைபேசி விளையாட்டு அப்போதுதான் முடிந்திருக்கிறது.

குரல்: அந்த மேட்ச்சுல நீதான் எல்லாத்தையும் காப்பாத்துன தம்பி. எந்த ஊரு?
கவின்: பல்லடம் பக்கம்ங்க. நீங்க?
குரல்: கோயமுத்தூரு. இந்த ‘ங்க’ எல்லாம் வேண்டாம்டா. எனக்கும் 16 வயசுதான். ‘டா’ன்னே கூப்பிடு.
கவின்: சரிங்க... சரிடா.

இந்த இடத்தில் பார்வையாளர்கள் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும். சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போட்டுப் பேசுவது நம் கொங்குப் பேச்சின் இயல்பு. நம் பிள்ளைகளுக்கு அது ஒரு வேலியும்கூட, ஏனென்றால் எதிரே இருப்பவர் தன்னைவிடப் பெரியவர், கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பதை அந்த ஒரு சொட்டு மரியாதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. குரல் முதலில் அகற்றுவது அந்த வேலியைத்தான். வயது 16 என்று சொன்னது பொய்யாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். கவினால் அதைச் சோதிக்க முடியாது. இது மட்டுமே அபாய அறிகுறியும் ஆகாது, நல்ல நண்பர்களும் ‘ங்க வேண்டாம்’ என்பார்கள். நாடகம் இதை விதையாகப் போட்டுவிட்டு நகர்கிறது, ஏனென்றால் மூன்றாவது காட்சியில் இது திரும்பி வரப்போகிறது.

2003இல் இங்கிலாந்தில் பணியாற்றிய ரேச்சல் ஓ’கானல் என்ற ஆய்வாளர், சிறுவர்களைப் போல நடித்து இணைய அரட்டைகளுக்குள் சென்று, அங்கே வந்து பேசியவர்கள் கையாண்ட முறைகளைப் படிநிலைகளாக வகுத்தார். முதலில் நட்பு, பிறகு நெருக்கம், பிறகு அபாயத்தை அளந்து பார்த்தல், பிறகு ‘நீயும் நானும் மட்டும்’ என்ற தனிமை, அதன் பிறகே தவறான பேச்சு என்று அந்த வரிசை அமைகிறது. எல்லாரும் இதே வரிசையில் வருவதில்லை. இன்றைய பணப்பறிப்புக் கும்பல்கள் எல்லாவற்றையும் ஒரே இரவில் முடித்துவிடுகின்றன. ஆனாலும் ஒரு நாடக ஆசிரியருக்கு இந்த வரிசை சொல்லும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மூன்றாவதாக வரும் அந்த ‘அளந்து பார்த்தல்’, சிறுவனைப் பற்றிய அக்கறை போலவே ஒலிக்கும். என் நாடகத்தின் இரண்டாவது காட்சி முழுவதும் அதைப் பற்றியதுதான்.

குரல்: இந்நேரம் வரைக்கும் முழிச்சிருக்கியே, வீட்டுல திட்ட மாட்டாங்களா? வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?
கவின்: அப்பா லாரிக்குப் போயிருக்காரு. அம்மா தறிக்குடோன்ல. அப்பத்தா தூங்குது.
குரல்: பாவம்டா நீ. தனியாவா இருக்க? அப்போ போன் உன்னோடதா?
கவின்: அம்மாளோடது. ராத்திரி எங்கிட்டத்தான் இருக்கும்.
குரல்: நாம பேசுறதெல்லாம் அம்மா எடுத்துப் பாப்பாங்களா?
கவின்: அம்மாளுக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதுடா.

தனித்தனியாக எடுத்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடத் தவறில்லை, ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்த அத்தைகூட இவற்றைக் கேட்பார். சேர்ந்து நிற்கும்போதுதான் இவை வேறு ஒன்றாகின்றன. முதல் கேள்வி இந்த நேரத்தில் பெரியவர்கள் பக்கத்தில் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது, கருவி யாருடையது, எப்போது கைமாறும் என்பதைச் சொல்கிறது. மூன்றாவது, எழுத்தில் விட்டுச்செல்லும் தடயத்தை யாரும் பார்ப்பார்களா என்பதைச் சொல்கிறது. நண்பன் ஒருவனுக்கு முதல் கேள்வியின் விடை தேவைப்படலாம், மூன்றாவதன் விடை எதற்கும் பயன்படாது. இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை தானே பிடித்துக்கொண்டால் போதும் என்பதுதான் காட்சியின் நோக்கம். அதனால் இதை இரண்டு முறை நடிக்கச் சொல்கிறேன். முதல் முறை குரல் பரிவோடு பேசுகிறது. இரண்டாவது முறை அதே சொற்களை எந்த உணர்ச்சியும் இல்லாமல், படிவம் ஒன்றை நிரப்புவதற்காகக் கேட்பது போலக் கேட்கிறது, கவினும் முன்போலவே விடை சொல்கிறான். ஒரு சொல்கூட மாறுவதில்லை. அரங்கில் சிரிப்பு நிற்பது இங்கேதான்.

முதல் வரைவில் வேறொரு தந்திரம் வைத்திருந்தேன். கோவைக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் குரலுக்கு ‘ஒறம்பரை’ என்ற சொல் புரியாமல் போவதாகவும், அதிலிருந்து கவின் சந்தேகப்படுவதாகவும் எழுதியிருந்தேன். மேடைக்கு அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்த பிள்ளைகள், நம் பேச்சு பேசுகிறவன் நல்லவன், பேசாதவன் மோசமானவன் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி வருகிறவர் பக்கத்துத் தெருக்காரராகவும் இருக்கலாம், குடும்பத்துக்குத் தெரிந்தவர் வேறொரு பெயரில் வருவதும் உண்டு. அதனால் அந்தப் பகுதியை முழுவதும் நீக்கிவிட்டேன். இப்போது குரல் அசல் கொங்குத் தமிழே பேசுகிறது.

மூன்றாவது காட்சியில் குரல், விளையாட்டுக்குள் செலவழிக்கும் ‘டைமண்ட்’ வாங்கிக் கொடுக்கிறது. மதிப்பு சில நூறு ரூபாய்தான். பிறகு வேறொரு செயலிக்கு அழைக்கிறது.

குரல்: இனிமே அந்த ஆப்புல பேசலாம்டா. அதுல மெசேஜ் தானா அழிஞ்சிரும்.
கவின்: எதுக்குடா அழியணும்?
குரல்: உன்னோட நல்லதுக்குத்தான். டைமண்ட் வாங்கிக்கிட்டது தெரிஞ்சா உங்கம்மா உன்னைத்தானே திட்டுவாங்க? நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்.

பரிசு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் சொல்ல முடியாததாக இருந்தால் போதும். சிறிய இரகசியம் ஒன்றைக் கவின் காப்பாற்றிவிட்டால், பெரிய இரகசியத்தையும் காப்பாற்றுவான் என்று குரலுக்குத் தெரிந்துவிடும். செய்தி தானாக மறையும் வசதி எல்லாரும் பயன்படுத்துவதுதான். வாட்ஸ்அப்பிலேயே 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். வசதி இருப்பதில் குற்றமில்லை. அறிமுகமாகிச் சில நாட்களே ஆன ஒருவர் அதைப் போடச் சொல்லி வற்புறுத்துவதும், ‘ஏன்’ என்ற கேள்விக்கு அம்மாவின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதும்தான் கவனிக்க வேண்டியவை.

பிறகு குரல் ஒரு படம் கேட்கிறது. என்ன படம் என்று நாடகம் சொல்வதில்லை. ‘யாருகிட்டயும் காட்ட மாட்டேன்டா’ என்ற ஒரே வரி வருகிறது. அப்போது கவின் மீதிருக்கும் வெளிச்சம் அணைந்து, மேடையின் மறுபக்கத்தில் அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டிருக்கும் அம்மாவின் மீது விழுகிறது. தறி ஓசை 10 விநாடி ஒலிக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். பெற்றோருக்கும் போதும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகப் பெரிய தவறு நேர்ந்தது. முதல் வரைவில் கவின் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான், கைதட்டல் கிடைக்கும். எழுதி முடித்துச் சில நாள் கழித்துத்தான் உறைத்தது. ஏற்கெனவே அனுப்பிவிட்ட ஒரு பிள்ளை அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், இந்த நாடகம் அவனிடம் ‘கவின் புத்திசாலி, நீ முட்டாள், உனக்கு வழியில்லை’ என்றல்லவா சொல்கிறது? எச்சரிக்கை நாடகம் ஒன்றால் அதிகம் காயப்படக்கூடியவன் அவன்தான், நாடகம் முதலில் எட்ட வேண்டியவனும் அவனேதான். அதனால் இப்போது கவின் அனுப்பிவிடுகிறான். வெளிச்சம் திரும்பும்போது குரலின் தொனி மாறியிருக்கிறது.

குரல்: நாளைக்குப் பொழுதோட 5,000 ரூபா வரணும். இல்லீனா உங்கப்பனுக்குப் போகும். உன்னோட கிளாஸ் குரூப்புக்கும் போகும்.
கவின்: வேண்டாங்க... அனுப்பீராதீங்க. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்ருவாருங்க.

‘ங்க’ திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அதில் மரியாதை இல்லை, நடுக்கம்தான் இருக்கிறது. நடிக்கும் பையனிடம் அந்த ‘ங்க’வை அழுத்தாமல், தானாக வாயில் வந்துவிட்டதாகச் சொல்லச் சொல்வேன். மிரட்டலின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இந்த இரண்டு வரிகள் காட்டிவிடுகின்றன. படம் குரலிடம் இருக்கிறது, ஆனால் கவினைக் கட்டிப்போடுவது அப்பாவின் கோபத்தைப் பற்றிய அவனுடைய பயம். இரண்டாவது காட்சியில் வீட்டைப் பற்றி அவ்வளவு விசாரித்தது இதற்காகத்தான். பணத்தைக் கொடுத்தால் முடிந்துவிடுமா என்று நாடகத்துக்குப் பிறகு பிள்ளைகள் தவறாமல் கேட்கிறார்கள். முடியாது. கொடுத்தவனிடம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்துவிடுவதால் அடுத்த தொகை கேட்கப்படும்.

கடைசிக் காட்சியில் கவின் இரவோடு இரவாகத் தறிக்குடோனுக்கு நடந்து போகிறான்.

(நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கவின் வாசலில் நிற்கிறான்.)
அம்மா: ஏங் கண்ணு, தூங்கலையா? பசிக்குதா?
கவின்: போன்ல ஒருத்தன்... நான் தப்புப் பண்ணீட்டம்மா.
(ஓசையில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கிறார். ஒவ்வொரு தறியாக நிறுத்துகிறார்.)
அம்மா: இப்படி உக்காருங் சாமி. மெதுவாச் சொல்லுங்க.

இந்தக் கடைசி வரிக்கு முன்பு வேறு இரண்டு வரிகளை முயன்று பார்த்தேன். ஒன்று, ‘போனைக் குடு இங்க’ என்பது. பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் சொல் அதுதான், தவிப்பில் வருவதுதான். ஆனால் கைபேசி பறிபோகும் என்ற பயமே பிள்ளைகளை வாய் திறக்கவிடாமல் செய்கிறது. அதைவிட, அந்தக் கைபேசிக்குள்தான் சான்று இருக்கிறது, பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் பிறகு காட்ட எதுவும் இருக்காது. மற்றொன்று, ‘எதுக்குடா அனுப்புன?’ என்பது. அந்தக் கேள்விக்கு ஒரு பதின்வயதுப் பிள்ளையிடம் விடை கிடையாது, பேச்சு அத்தோடு நின்றுவிடும். நம் ஊரில் தாயார் மகனைச் ‘சாமி’ என்று கூப்பிட்டு, ‘சொல்லுங்க’ என்று மரியாதை கொடுத்தே பேசுவது புதிதல்ல. மூன்றாவது காட்சியில் பயத்தோடு வந்த அதே ‘ங்க’ இங்கே அம்மாவின் வாயிலிருந்து வருகிறது. தறியை நிறுத்துவதும் சும்மா வைத்த செய்கை அல்ல. மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு நின்ற தறி என்பது போன காசு, அந்தப் பெற்றோருக்கு அது தெரியும். நான்கையும் நிறுத்த 20 விநாடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும். நடிப்பவர் அவசரப்பட்டால் காட்சி விழுந்துவிடும்.

அதன் பிறகு என்ன செய்வது என்பதை மேடையில் நடிப்பதில்லை, ஒரு ஆசிரியர் வந்து சில நிமிடம் சொல்கிறார். மிரட்டியவரின் கணக்குப் பெயர், கணக்கின் இணைப்பு, மிரட்டல் செய்திகள், பணம் கேட்ட எண் ஆகியவற்றை நேரம் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பின்புதான் கணக்கைத் தடைசெய்ய வேண்டும். அந்தப் படத்தை மட்டும் உதவி கேட்பதற்காகக்கூட மாமாவுக்கோ ஆசிரியருக்கோ அனுப்பக் கூடாது, அதைப் பரப்புவது சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930, இணையவழிப் புகாருக்கு cybercrime.gov.in. போக்சோ சட்டம் 2012இன் 11ஆம் பிரிவு, மின்னணு வழியில் பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும் படத்தை வைத்து மிரட்டுவதையும் குற்றமாகச் சொல்கிறது, 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் அது பொருந்தும். படம் பரவுவதைத் தடுக்க takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை எங்கும் அனுப்பாமல், அதற்கான எண் அடையாளத்தை மட்டும் கைபேசியிலேயே உருவாக்கி, அதில் பங்கேற்கும் தளங்களுக்கு அளிக்கிறது. மறையாக்கம் செய்யப்பட்ட தனி உரையாடல்களுக்குள் அது எட்டாது.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்விக்கு முழு விடை என்னிடமும் இல்லை, யாரிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். ‘எங்க பையனும் ஆள் வந்தாப் போனைக் கவுத்து வெக்கிறான், அப்போ இதுதானா?’ என்கிறார்கள். பதின்வயதில் கைபேசியைக் கவிழ்த்து வைக்காத பிள்ளை அரிது. பழக்கத்தைவிட மாற்றத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கலகலவென்று விளையாடியவன் செய்தி ஒலி வந்ததும் திடுக்கிடுவது, வீட்டுப் பணம் சிறிது சிறிதாகக் குறைவது, காரணம் இல்லாமலே ‘அப்பா எப்போ வருவாரு’ என்று பலமுறை கேட்பது போன்றவை அந்த மாற்றங்கள். இவற்றுக்கும் வேறு காரணங்கள் இருக்கக்கூடும். அதனால் விசாரணையாகத் தொடங்காமல் பேச்சாகத் தொடங்கும்படி சொல்கிறேன்.

நாடகம் முடிந்த பிறகு ஒரு ஆசிரியை அரை மணி நேரமாவது கூடத்திலேயே இருக்க வேண்டும் என்பது பிரதியின் கடைசிக் குறிப்பு. மேசை போட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் வருவதில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டோ, பாயைச் சுருட்டிக்கொண்டோ இருந்தால், உதவி செய்கிற சாக்கில் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கும். அப்படி வரும் பிள்ளையிடம் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் அவர் வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி இதை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கவினிடம் அந்தக் குரல் கேட்டதும் இரகசியத்தைத்தான். ‘யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன், அதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லீட்டுத்தான் சொல்லுவேன்’ என்று அவர் சொல்லலாம். சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலியை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம்.